அடினாய்டுக்குத் தமிழ்ச்சொல்: சுரப்பியா, சதையா, நிணத்திரளா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பு நண்பர்களுக்கு, பெற்றோருக்கான நலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். குழந்தை வாயால் மூச்சு விடுவது, காது மந்தமாவது பற்றிய இயலில் ‘அடினாய்டு’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘மூக்கில் சதை வளர்ச்சி’ என்று எழுதிவிடலாமா?

தமிழாசிரியர்:
மூலச்சொல் கிரேக்கம், ‘சுரப்பி போன்றது’ என்று பொருள். ஆகவே ‘மூக்கடிச் சுரப்பி’ என்பதே நேரான ஆக்கம். சதை என்பது கொச்சையாகப் படுகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவர்:
ஐயா சொன்ன வேர்ப்பொருள் சரி, ஆனால் அது எதையும் சுரப்பதில்லை. டான்சிலைப் போல, கிருமிகளை எதிர்க்கும் நிணத்திசுவால் ஆனது. ‘மூக்கில் சதை’யும் ஆகாது. மூக்குக்குள் தொங்கும் பாலிப்பையும், ஒவ்வாமையால் வீங்கும் பக்கச்சுவர் மடிப்புகளையும் மக்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள். அடினாய்டு இருப்பது மூக்கின் கடைசியில், மெல்லண்ணத்துக்கு மேலே. வாயைத் திறந்தால் டான்சில் தெரியும், இது தெரியாது. மூக்கு வழியே மெல்லிய உள்நோக்கிக் குழாயை விட்டோ, பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தோதான் பார்க்க வேண்டும். ‘பின்மூக்கு நிணத்திரள்’ என்பது என் பரிந்துரை. ‘பின்மூக்கு’ என்று வந்தால்தான் காதுக்கும் இதற்கும் உள்ள உறவு வாசகருக்குப் புரியும். நடுச்செவிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழல்களின் வாய்கள் அதன் இரு பக்கங்களிலும் திறக்கின்றன. திரள் வீங்கினாலோ அதில் கிருமி தங்கினாலோ குழல் சரியாகத் திறக்காது. உள்ளே காற்று குறைந்து நீர் கோத்துக்கொள்ளும்.

ஒரு தாய்:
சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். என் மகனுக்கு ஐந்து வயது. இரவெல்லாம் வாய் திறந்தபடி குறட்டை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகத்தைப் பார்த்துப் பேசினால் பதில் வரும். கவனக்குறைவு என்று கண்டித்துக்கொண்டிருந்தோம். சோதனையில் இரு காதிலும் கேட்கும் திறன் குறைவு, ஒலி 35 டெசிபல் அளவுக்கு இருந்தால்தான் கேட்கிறது என்றார்கள். செவிப்பறை அழுத்த வரைபடம் மேடே இல்லாமல் தட்டையாக இருந்தது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கியிருக்கிறது என்றார்கள். வலியோ காய்ச்சலோ இல்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அதற்குள் சரியாகிவிடாதா?

மருத்துவர்:
அம்மா, காய்ச்சலும் வலியும் இல்லாமல் தங்கிய நீருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் அந்த நீரை வற்றவைப்பதில்லை. பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் அது தானாகவே வடிந்துவிடும் என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவரை அருகில் வந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். வகுப்பில் முன்வரிசை கேளுங்கள். மறுசோதனையிலும் இதே 35 டெசிபலும் தட்டைக் கோடும் இருந்தால், செவிப்பறையில் சிறு காற்றுக்குழாய் வைப்பது பற்றிப் பேசுவார்கள். உங்கள் மகனுக்கு நான்கு வயது கடந்துவிட்டது, மூக்கடைப்பும் இருக்கிறது. ஆகவே நிணத்திரளையும் சேர்த்து அகற்றச் சொல்வதில் நியாயம் உண்டு. நான்கு வயதுக்குக் கீழே, காதில் நீர் என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுக்கச் சொல்வதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்படியிருந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
வளர வளரத் தானே சுருங்கிவிடும் உறுப்பு என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் கத்தி?

மருத்துவர்:
பதின்ம வயதுக்குள் பெரும்பாலும் சுருங்கிவிடும், உண்மை. தொந்தரவு லேசாக இருந்தால் நானும் மூக்கில் ஸ்டீராய்டு தெளிப்பான் கொடுத்துப் பார்த்துவிட்டுக் காத்திருப்பேன். ஆனால் ஐந்து வயதில் மாதக்கணக்கில் சரியாகக் கேட்காத குழந்தை, பேச்சும் எழுத்தும் கற்கும் காலத்தை அல்லவா இழக்கிறது? மொழிபெயர்ப்பாளர் இன்னொன்றையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். அகற்றுவதற்கு முன் உள்நாக்கைப் பார்ப்போம். அது இரண்டாகப் பிளந்திருந்தால், அண்ணத்தின் தசையில் மறைவான பிளவு இருக்கக்கூடும். அந்தக் குழந்தைக்குப் பேசும்போதும் விழுங்கும்போதும் நிணத்திரள்தான் மூக்கு வழியை அடைக்கத் துணை செய்கிறது. முழுவதையும் எடுத்தால் பேச்சு மூக்கால் வரும், குடிக்கும் பால் மூக்கில் ஏறும்.

மொழிபெயர்ப்பாளர்:
‘பின்மூக்கு நிணத்திரள்’ என்றே எழுதுகிறேன், முதல் இடத்தில் ‘அடினாய்டு’ என்பதையும் பக்கத்தில் வைத்து. மருத்துவச் சீட்டில் அந்தப் பெயர்தானே இருக்கும். அடுத்த சிக்கல், காதில் தங்கும் அந்த நீர். ‘காதில் நீர்’ என்றால் குளிக்கும்போது புகுந்தது என்று நினைத்துத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தமிழாசிரியர்:
‘நடுச்செவி நீர்க்கோப்பு’?

மருத்துவர்:
நன்றாக இருக்கிறது. ஆனால் நாள்பட்டால் அது நீராக இராது, பசையாகிவிடும். ‘செவிப்பசை’ என்றால் காதுக்குறும்பி என்று எண்ணிவிடுவார்களோ?

ஒரு தாய்:
எங்கள் வீட்டில் அப்படித்தான் எண்ணி, பஞ்சுக்குச்சியால் துடைத்தோம்.