எக்ஸ்சேஞ்ச் மறுபடி கேஒய்சி கேட்டுப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது: பெயர்ப் பிரச்சினையா, வேறு ஏதாவதா?

கல்லிடை கடைக்காரர்

கல்லிடைக்குறிச்சியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். 2021-ல் ஓர் இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கினேன். அப்போது பான் அட்டையின் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்தேன், அன்றைக்கே கணக்கு திறந்துவிட்டது. இப்போது போன மாதம் கணக்கில் வந்த, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமான யூஎஸ்டிடி 1,500-ஐ விற்று ரூபாயாக வங்கிக்கு மாற்றப் பார்த்தால், கேஒய்சியைப் புதுப்பிக்கச் சொல்கிறது. பான், டிஜிலாக்கர் வழியாக ஆதார், கண் சிமிட்டித் தலையைத் திருப்பும் நேரலை செல்ஃபி எல்லாம் கொடுத்தேன். பான் எண்ணைப் போட்ட உடனே பெயர் பொருந்தவில்லை என்று சிவப்பில் வந்தது. மற்ற படிகள் முடிந்த பிறகு `Under review` என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. பணம் போட முடிகிறது, எடுக்க மட்டும் முடியவில்லை.

என் பெயரை மாற்றிச் சொல்கிறேன், ஆனால் எழுத்துக் குழப்பம் இதே மாதிரிதான். ஆதாரில் `Esakkimuthu S`. பானில் `ISAKKIMUTHU SUBBIAH`. பாஸ்புக்கில் `S ESAKKI MUTHU`. மூன்றும் நான்தான். பானும் ஆதாரும் ஏற்கெனவே இணைக்கப்பட்டவை. என்ன செய்வது?

முக்கூடல் பெரியவர்

தம்பி, எனக்கும் கேஒய்சி கேட்டார்கள். கேஸ் ஏஜென்சிக்கு நேரில் போய்க் கைரேகை வைத்ததும் முடிந்துவிட்டது. அங்கே போய்ப் பாருங்கள்.

கல்லிடை கடைக்காரர்

நன்றி அண்ணாச்சி. இது சிலிண்டருக்கு இல்லை, கிரிப்டோ கணக்குக்கு.

வள்ளியூர் வேலு

இதற்கெல்லாம் காரணம் வரிதான். விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அதற்குப் பான் எண் வேண்டும், அதுவரை நியாயம். செல்ஃபியும் ஆதாரும் கேட்பது தேவையில்லாத தொல்லை. 2020-லேயே உச்ச நீதிமன்றம் கிரிப்டோவுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. பானும் ஆதாரும் இணைந்திருந்தால் இரண்டிலும் பெயர் ஒன்று என்றுதானே அர்த்தம்? வீம்பு பிடித்தால் கேஒய்சி கேட்காத வெளிநாட்டுத் தளத்துக்கு மாற்றிவிடுங்கள். அவசரமென்றால் உங்கள் சித்தப்பா மகன் வங்கிக் கணக்கைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பாளை மேகலை

சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தின் கேஒய்சி சரிபார்ப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வேலு தம்பி வரியைப் பற்றிச் சொன்னது சரி. மற்றவற்றை நம்பி யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

2020 மார்ச் 4-ம் தேதித் தீர்ப்பு, கிரிப்டோ தளங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை ரத்து செய்தது. கேஒய்சி வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. இப்போது கேட்பதற்கான சட்டம் 2023 மார்ச் 7-ல் வந்தது. அன்றைய அறிவிக்கையால் இந்தத் தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. வங்கியைப் போலவே வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்ய வேண்டும், ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும், சந்தேகமான பரிவர்த்தனையை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2021-ல் படம் மட்டும் வாங்கித் திறந்த கணக்குகளை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டிய கட்டாயம் அப்படித்தான் வந்தது.

வெளிநாட்டுத் தளத்திலும் தப்ப முடியாது. 2023 டிசம்பர் 28-ல் பைனான்ஸ், குகாயின், கிராக்கன் உட்பட ஒன்பது வெளிநாட்டுத் தளங்களுக்கு, இங்கே பதிவு செய்யாமல் இயங்கியதற்காக நோட்டீஸ் போனது. பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

இனி பெயருக்கு வருகிறேன். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. பான் விண்ணப்பத்திலோ முதலெழுத்தை மட்டும் எழுத விடுவதில்லை, விரித்து எழுத வேண்டும். அதனால் ஆதாரில் `S` என்பது பானில் `SUBBIAH` ஆகிவிடுகிறது. திருநெல்வேலிக்காரர்கள் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். தளம் பான் தரவுத்தளத்துக்கு எண்ணையும் பெயரையும் பிறந்த தேதியையும் அனுப்பும். அங்கிருந்து பொருந்துகிறது, பொருந்தவில்லை என்ற பதில்தான் வரும், சரியான பெயர் இதுதான் என்று வராது. உங்களுக்கு உடனே சிவப்பு வந்தது அதனால்தான். இதை மனிதர் யாரும் பார்க்கவில்லை.

பானும் ஆதாரும் இணைந்திருப்பதால் பெயர் ஒன்று என்று ஆகாது. சிறிய வித்தியாசம் இருந்தால் ஆதார் ஓடிபியை வைத்தே இணைக்க அனுமதித்தார்கள்.

முதலெழுத்து விரிவை ஓரளவு நல்ல மென்பொருள் புரிந்துகொள்ளும், `S`-உம் `SUBBIAH`-உம் ஒத்துப்போகும். பாஸ்புக்கில் உள்ள இடைவெளியும் பெரிய விஷயம் இல்லை. வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று வங்கியிடமிருந்தே பெயரை வாங்கி ஒப்பிடுவார்கள். உங்கள் கணக்கு அதில் பெரும்பாலும் தேறிவிடும். உதைப்பது `E`-யும் `I`-யும்தான். ஆதாரும் வங்கியும் `E` என்கின்றன, பான் மட்டும் `I`. எனவே பானைத் திருத்துங்கள். பான் எண் மாறாது, ஆதாரையே சான்றாகக் காட்டலாம். ஆதாரைத் தொடாதீர்கள், அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பெயர் மட்டும் பிரச்சினையென்றால் சிவப்போடு நின்றிருக்கும். மற்ற படிகளுக்குப் பிறகும் பரிசீலனையில் இருக்கிறது, எடுப்பது மட்டும் பூட்டியிருக்கிறது என்றால், அது வேறு மேசை. அந்த 1,500 யூஎஸ்டிடி எங்கிருந்து வந்தது?

கல்லிடை கடைக்காரர்

மைத்துனர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டு வேலைக்காகப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. வங்கி வழியாகப் போனால் கட்டணம் அதிகம் என்று, அங்கே நண்பர் ஒருவரிடம் ரியால் கொடுத்து, அந்த நண்பரின் வாலட்டிலிருந்து எனக்கு அனுப்ப வைத்தார். அனுப்பியவர் யார் என்று தளம் அப்போதே ஒரு கட்டத்தில் கேட்டது. மைத்துனர் பெயரைப் போட்டேன்.

மேலப்பாளையம் யூசுப்

இங்கேதான் கவனம் வேண்டும் தம்பி. நான் தளத்தில் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி2பி பகுதியில் கொஞ்சம் யூஎஸ்டிடி விற்றேன். வாங்கியவர் வங்கியில் பணம் போட்டார், நானும் நாணயத்தை விடுவித்தேன். பிறகு பார்த்தால் என் சேமிப்புக் கணக்கில் அந்தத் தொகை முடக்கப்பட்டிருந்தது. வேறு மாநிலத்தில் யாரோ ஒருவர் ஏமாந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்திருக்கிறார், அவர் பணம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. வாங்கியவருடைய கேஒய்சி விவரம் தளத்திடம் இருந்ததால், வர்த்தக எண்ணைக் குறித்து போலீசுக்கு எழுத முடிந்தது. இல்லாவிட்டால் கடைசியாகப் பணம் வந்த ஆள் என்று என்னைத்தான் பிடித்திருப்பார்கள். முடக்கம் இன்னும் முழுதாக நீங்கவில்லை.

வேலு சொன்னபடி அடுத்தவர் கணக்கைக் கொடுத்தால், அந்தத் தம்பி தலையில் இந்த வம்பைக் கட்டுவதாகத்தான் ஆகும்.

வள்ளியூர் வேலு

சொந்தக்காரர் கணக்கு விஷயத்தில் யூசுப் அண்ணாச்சி சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் ஆதாரைத் தனியாரிடம் கொடுக்க வேண்டியதில்லை என்று 2018-ல் தீர்ப்பு வந்ததே? கசிந்தால் யார் பொறுப்பு?

பாளை மேகலை

அந்தக் கவலை நியாயம். டிஜிலாக்கர் வழியாக, உங்கள் சம்மதத்தோடு போகும் ஆவணத்தில் ஆதாரின் கடைசி நான்கு இலக்கம்தான் தெரியும். ஆதாரை முழு எண்ணோடு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பான், முகவரி, செல்ஃபி எல்லாம் அவர்களிடம் ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பது உண்மைதான். அது கசியாது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

கல்லிடைத் தம்பிக்கு: உண்மையான சிக்கல் இப்போது தெரிகிறது. நாணயம் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் வரும்போது, அதை அனுப்பிய முகவரிக்கு அதற்கு முன் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பின்னோக்கிப் பார்ப்பார்கள். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலர் மதிப்புக்கு நாணயங்கள் திருடு போயின. அப்படிப்பட்ட பணம் பல முகவரிகளுக்குத் தாவித்தான் கரையேறப் பார்க்கும். அந்தச் சங்கிலியில் கேள்விக்குரிய முகவரி ஏதாவது பக்கத்தில் இருந்தால் கணக்கு நிற்கும். உங்கள் விஷயத்தில் அதற்கு மேலும் ஒன்று: அனுப்பியவர் மைத்துனர் என்று எழுதியிருக்கிறீர்கள், வாலட்டோ நண்பருடையது. அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்ற விவரம் தொகையோடு சேர்ந்தே போக வேண்டும் என்பது 2019-லிருந்து உலக அளவில் கிரிப்டோவுக்கும் உள்ள ஏற்பாடு. அனுப்பிய பக்கத்தில் நண்பர் பெயர் பதிவாகியிருந்தால் இரண்டும் முட்டும்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். யார் ரியால் கொடுத்தார், யாருடைய வாலட், எதற்கான பணம் என்று ஒரு பக்கக் கடிதம். அதோடு மைத்துனரின் சம்பளச் சான்று, அவர் நண்பருக்குப் பணம் கொடுத்ததற்கான ரசீது, நண்பரின் கணக்கிலிருந்து நாணயம் கிளம்பியதைக் காட்டும் பரிவர்த்தனை எண். மைத்துனரே நேரடியாக அனுப்பினார் என்று கதை கட்டினால் கணக்கை மூடுவதில் போய் முடியும்.

பதில் எல்லாம் ஒரே வார்த்தைகளில் வருகிறது என்று கோபப்படாதீர்கள். சந்தேகம் என்று அறிக்கை போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லவே ஊழியருக்கு அனுமதி இல்லை. பரிசீலனை என்றாலே அறிக்கை போய்விட்டது என்றும் இல்லை, வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

கல்லிடை கடைக்காரர்

பான் திருத்தம் வந்துவிட்டது மேகலை அக்கா, பெயர்ப் படி இப்போது பச்சை. ஒரு ரூபாய்ச் சோதனையும் தேறிவிட்டது. கடிதமும் ஆவணங்களும் அனுப்பினேன். இப்போது நண்பரின் எக்ஸ்சேஞ்ச் கணக்கு அறிக்கையைக் கேட்கிறார்கள், அதைத் தர அவர் தயங்குகிறார். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்குப் பணத்தை இப்படிக் கிரிப்டோவாக வாங்குவதே அந்நியச் செலாவணி விதிப்படி சரியா?

பாளை மேகலை

அந்த இரண்டாவது கேள்விக்கு இணையத்தில் பதில் தேடாதீர்கள், அந்நியச் செலாவணிச் சட்டம் தெரிந்த ஒரு பட்டயக் கணக்காளரிடம் தாள்களோடு போங்கள். அடுத்த தடவை மைத்துனரை வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். நண்பர் முழு அறிக்கையைத் தரத் தயங்கினால், அந்த ஒரு பரிவர்த்தனை இருக்கும் பக்கத்தை மட்டும், தன் பெயர் தெரியும்படி தரலாமா என்று தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். சில தளங்கள் ஏற்கும், சில ஏற்காது.