‘வடிவமைப்பு’ என்று போட்டால் கரண்டியைக் காட்டுகிறார்கள்

அச்சகக்காரர், சுங்கை சிப்புட்:

வணக்கம். எங்களிடம் லேபிள் அடிக்கும் மசாலாக் கடை அக்காவுக்காக, கடைப் பெயரையும் பொருளின் வடிவத்தையும் பதிந்து காப்பது பற்றி நாலு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வணிகச்சின்னம் என்ற சொல்லில் சிக்கல் இல்லை. புட்டியில் உள்ள பெயரும் யானைப் படமும் என்றதும் புரிந்துகொண்டார். மலேசியாவின் 2019 வணிகச்சின்னச் சட்டப்படி 10 ஆண்டு, பிறகு பத்துப் பத்தாகப் புதுப்பிக்கலாம் என்று எழுதியாயிற்று.

இடறுவது அடுத்ததில்தான். ‘தொழில்துறை வடிவமைப்பு’ என்று போட்டால், அக்கா மூடியைத் திறந்து, “உள்ளே கரண்டி ஒட்டியிருக்கே, அதை வேற யாரும் செய்யக்கூடாதுன்னு எழுதிடு தம்பி” என்கிறார். மூடி வெளியே மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். சட்டம் காப்பது அந்த மொட்டை, கரண்டியை அல்ல. வடிவமைப்பு என்றதும் எப்படி வேலை செய்கிறது என்பதும் சேர்ந்து காதில் விழுகிறது. ‘பொருளுரு’ என்று வைக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வழக்கில் ஊன்றிய சொல்லை எதற்குப் பிடுங்க வேண்டும், தம்பி? உரு என்றால் கையில் பிடிக்கும் வடிவம் மட்டும்தான். தகர டப்பாவைச் சுற்றி வரும் கோலத்துக்கும் பதிவு உண்டே, அது உருவா? அப்புறம், பதியும் முன்பே மூடியை வெளியே காட்டியிருந்தாலும் அந்த அக்கா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியிட்ட பிறகும் 6 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் போதும்.

முறுக்கு வியாபாரி:

நல்ல நேரத்தில் வந்தீர்கள். என்னிடம் 8 வருஷம் வேலை செய்த பையன் என் மாவுக் கலவையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தாமானில் கடை போட்டுவிட்டான், என் கண்ணெதிரே அதே முறுக்கு. இந்தப் பொருளுரு என்பதில் என் கலவையைப் பதியலாமா, எவ்வளவு ஆகும்?

ஈப்போ வழக்கறிஞர்:

அண்ணே, கலவைக்கு உருவும் இல்லை, தோற்றமும் இல்லை. உங்களுடையது வணிக ரகசியம், அதற்கு இங்கே தனிச்சட்டமும் பதிவும் கிடையாது. நீதிமன்றம் பார்ப்பது மூன்று: விஷயம் உண்மையிலேயே ரகசியமா, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதா, அனுமதியில்லாமல் பயன்படுத்தினானா. நீங்கள் அளவுகளைச் சுவரில் எழுதி ஒட்டி, வந்தவர் போனவர் எல்லாம் படித்திருந்தால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவீர்கள். ‘விலகிய பின் 2 வருஷம் முறுக்குத் தொழில் செய்யக்கூடாது’ என்று எழுதி வாங்கியிருந்தாலும், 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி அது செல்லாது. கலவையை வெளியே சொல்லமாட்டேன், பயன்படுத்தமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அது வேறு கதை.

சொல்லுக்கு வருகிறேன். 1996 தொழில்துறை வடிவமைப்புச் சட்டம் உருவத்தோடு கோலம், அலங்காரத்தையும் சேர்க்கிறது, ஆக ஆசிரியர் சொன்ன குறை சரி. ஆனால் செய்து முடித்த பொருளில் கண்ணைக் கவர்ந்து கண்ணால் மதிப்பிடப்படும் அம்சங்கள் என்றே அந்தச் சட்டம் பேசுகிறது; வேலைக்காக மட்டுமே அமைந்த அம்சத்தை விலக்கியும் விடுகிறது. எனவே ‘பொருள்தோற்றம்’ என் தேர்வு. மொட்டு வடிவம் இல்லாத சாதா மூடிக்குள் ஒருவன் கரண்டி வைத்தால் அக்கா ஒன்றும் செய்ய முடியாது. கரண்டியே இல்லாமல் அதே மொட்டை வைத்தால், பதிவு இருந்தால், கேட்கலாம். முதலில் 5 ஆண்டு, நாலு முறை நீட்டினால் 25.

ஆனால் ஐயா, அந்த 6 மாதம் பொதுச்சலுகை அல்ல. அதிகாரபூர்வமான அல்லது அங்கீகரிக்கப்பட்ட கண்காட்சியில் வைத்ததற்கும், வேறொருவர் முறைகேடாக வெளியிட்டதற்கும்தான். தானே பேஸ்புக்கில் போட்டால், பதிவுக்கு வேண்டிய புதுமை அன்றோடு போச்சு. அக்கா போட்டாரா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

கண்காட்சி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். தோற்றத்தை ஒப்பமாட்டேன். ‘தமிழ்ப்பள்ளிகளின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்று கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளைகளுக்குத் தோற்றம் என்றால் பிறப்பு.

அச்சகக்காரர்:

போட்டிருக்கிறார். தீபாவளிக்கு முன்பே, மூடியை மட்டும் நெருக்கத்தில், கீழே ‘புது டிசைன்’ என்று வேறு. பாசார் மாலாமிலும் விற்றுவிட்டார். இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

ஈப்போ வழக்கறிஞர்:

அப்படியானால் அந்த மூடியை விடுங்கள். வணிகச்சின்னமாக வடிவத்தையும் பதியலாம், அதற்குப் புதுமை தேவையில்லை, ஆனால் மொட்டைப் பார்த்ததுமே வாங்குபவர் அக்கா கடை என்று அறிய வேண்டும்; ஒரு தீபாவளி விற்பனையில் அது வராது. புது மூடி செய்வதானால் இதழில் இரண்டு கோடு கூட்டினால் போதாது, அற்ப விவரத்தில் மட்டும் மாறுவது புதிதாகாது.

அச்சகக்காரர்:

கையேட்டில் இப்போதைக்குப் ‘பொருள்தோற்றம்’ போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘வடிவமைப்பு என்று சொல்வதும் உண்டு’ என்று சேர்க்கிறேன், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா தாமரையில் ஒன்று வரைந்து நேற்று ராத்திரி எனக்கு வாட்சப்பில் அனுப்பினார். எனக்கு மட்டும்தானா, இல்லை கோயில் மகளிர் குழுவுக்குமா என்று இப்போது போய்க் கேட்க வேண்டும்.