குறுந்தொகை 3: குறிஞ்சித்தேன் மோட்டிஃப் ஆகுமா?

வணக்கம். கொடைக்கானலில் மாணவர்களுக்குக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதப் பயிற்சி தருகிறேன். குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் ஓர் ஐயம்.

நாடனோடு கொண்ட நட்பு நிலத்தினும் பெரியது, வானினும் உயர்ந்தது, நீரினும் ஆழமானது எனத் தலைவி கூறுகிறாள் என்று எழுதினால் அது பொருட்சுருக்கமே. அன்பு எந்த அளவுக்கும் அடங்காது என்பது மையக்கருத்து. மும்முறை திரும்பி வரும் அளத்தலையே மோட்டிஃப் என்கிறேன்.

ஆனால், எங்கள் மலையில் பூப்பதாலோ என்னவோ, மாணவர் பலரும் குறிஞ்சிப்பூத் தேனை மோட்டிஃப் என எழுதுகின்றனர். பாடலில் அது ஒரே முறை வருவதால் படிமம் என்று திருத்தினேன். எனினும், மலைத்தேன் குறிஞ்சித்திணைப் பாடல்கள் பலவற்றில் வருவதால், தனிப்பாடல் கட்டுரையில் அந்த மீள்வரவையும் கணக்கில் கொள்ளலாமா? அனுபவமுள்ள ஆசிரியர்கள் விளக்க வேண்டுகிறேன்.