பூங்கா பெயர்ப் போட்டி: ஒரே பெயரைப் பலர் அனுப்பியிருந்தால் என்ன செய்வது?

வணக்கம். எங்கள் குடியிருப்புச் சங்கம் புதிய பூங்காவுக்குப் பெயர் கேட்டுப் போட்டி வைத்தது. 412 பெயர்கள் வந்தன. நடுவர் மூவருக்கும் அனுப்பியவர் பெயரை மறைத்துப் பட்டியல் தர வேண்டும். அதற்குள் ஒரே பெயர்களை ஒன்றாகச் சேர்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

‘பசுஞ்சோலை’ மட்டும் 9 பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் விரிதாள் அதை இரண்டு பெயராக எண்ணியது. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகிறது! தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: சிலர் தட்டச்சில் ‘சோ’வின் குறி ஒரே எழுத்துக்குறியாக இருக்கிறது, சிலருடையதில் ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக இருக்கின்றன. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் NFC வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றியதும் சேர்ந்துவிட்டன. சரி, அது தீர்ந்தது.

தீராதது இரண்டு. ‘பசுமைச் சோலை’யையும் அதே பெயராகக் கொள்ளலாமா? எனக்குத் தனிப்பெயர் என்றே படுகிறது, ஆனால் நடுவர் ஒருவர் ஒப்பவில்லை. அப்புறம், பரிசு ஒருவருக்குத்தான் என்று விதியில் போட்டோம், பலர் ஒரே பெயரை அனுப்பினால் யாருக்கு என்று எழுதவில்லை. முதலில் அனுப்பியவருக்கு என்றால், பெட்டியில் போட்ட தாள்களில் நேரம் கிடையாது. குலுக்கல்தான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் போட்டி முடிந்தபின் விதி சேர்ப்பது உறுத்துகிறது.

இப்படி நடத்தியவர்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்? முடிவை அறிவிக்கும் முன்பே குலுக்கல் பற்றி எல்லோருக்கும் சொல்லிவிட்டால் போதுமா? நடுவர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் சொன்னால் பெரிய உதவி.