[கலைச்சொல்] சிறு குறையுள்ள புதுச் சேலைக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், ஜார்ஜ்டவுன்:

அனைவருக்கும் வணக்கம். லெபோ பாசாரில் உள்ள ஒரு துணிக்கடைக்கு மும்மொழிச் சீட்டு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே மூட்டையில் வந்த 40 பருத்திச் சேலைகளில் 9 சேலைகளில் நெசவுக்குறை இருக்கிறது. மற்ற 31 சேலைகள் 120 வெள்ளி, இவை 90 வெள்ளி. கடையில் எல்லாரும் சொல்வது "ரிஜெக்ட்". அந்தச் சொல்லை ஒட்டினால், "அந்த 31-உம் இதே ரிஜெக்ட் மூட்டையில் வந்ததுதானே?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். சீட்டின் தலைவரியில் இரண்டு சொற்களுக்குத்தான் இடம். "கழிவுச் சேலை" என்று எழுதிப் பார்த்தேன். நம் ஊரில் கழிவு என்றால் விலைக்குறைப்பு, ஆனால் குப்பை என்ற பொருளும் கூடவே வருகிறது. "தள்ளுபடிச் சேலை" என்றாலோ தள்ளப்பட்ட சேலை என்றே படுகிறது.

தமிழாசிரியர் (ஓய்வு), செந்தூல்:

அன்பருக்கு, சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. வழு என்றால் பிழை. வழுதான் என்றாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணைவழு. உவப்பினால் சொன்னதால் அமைதி. குறை இருக்கிறது, அது தெரிந்தே ஏற்கப்படுகிறது. இந்தச் சேலையின் நிலையும் அதுதான். "வழுவமைச் சேலை" என்பது என் முன்மொழிவு. அது கடினம் என்றால் "மறுச்சேலை". திருக்குறளில் "மதிக்கண் மறு" என்று வருகிறது. நிலாவில் மறு தெரிவது நிலா ஒளியோடு இருப்பதால்தான். குறையைச் சொல்லும்போதே பொருளின் உயர்வையும் சொல்லும் சொல் வேறு எது? மறு, மாசு, வடு மூன்றையும் நான் ஒன்றாகக் கொள்வதில்லை. மாசு துடைத்தால் போகும், வடு காயத்தின் தழும்பு, மறு உடன்பிறந்தது. நெசவிலேயே வந்த குறைக்கு மறுதான் பொருந்தும். மறுவுக்கும் மருவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனி மடலில் எழுதுகிறேன்.

குழும உறுப்பினர், பாயான் லெப்பாஸ்:

மறுச்சேலை நல்ல சொல். மறுபயன்பாடு, மறுசுழற்சி போல உடனே புரிகிறது. ஆனால் உடுத்திய சேலையை 90 வெள்ளிக்கு விற்பது அதிகம் இல்லையா? சலவை செய்துதான் விற்கிறார்களா என்பதையும் சீட்டில் போடச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சேலைகள் புதியவை, யாரும் உடுத்தவில்லை. ஆனாலும் உங்கள் மடல் எனக்கு உதவியது. நம் குழுமத்திலேயே "மறு" இரண்டாம் முறை என்று படிக்கப்படுகிறது என்றால் கடையிலும் அப்படித்தான் படிப்பார்கள்.

துணிக்கடை மேற்பார்வையாளர், மஸ்ஜித் இந்தியா:

வணக்கம். பெயர் வைப்பதற்கு முன் அந்த 9 சேலைகளையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணா. எல்லாம் ஒரே வகைக் குறையாக இருக்காது.

ஊடை இழை ஒன்று விட்டுப்போயிருந்தால் குறுக்கே மெல்லிய கோடு தெரியும். அது துவைத்தாலும் பெரிதாகாது. இழை பாவோடு பின்னாமல் மேலே மிதந்து நின்றால் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டும், மாட்டினால் துணி இழுபட்டுச் சுருங்கும். அரை விரற்கடைக்கு மேல் மிதக்கும் இழையை நான் இந்த விலைக்கும் வைக்க மாட்டேன். தையல்காரரிடம் கொடுத்து இழையைப் பின்புறம் தள்ளிக் கட்டிய பிறகுதான் வைப்பேன். அடுத்தது சாயம். வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் ஒரு நிமிடம் தேய்த்தால் தெரிந்துவிடும். நிறம் ஏறினால் அது சிறு குறையே அல்ல, மற்ற துணிகளையும் கெடுக்கும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

குறை எங்கே இருக்கிறது என்பது சொல்லைவிட முக்கியம். உள்முனையிலிருந்து முதல் ஒரு மீட்டர் இடுப்பைச் சுற்றி உள்ளே போய்விடும். அங்கே கோடு இருந்தால் கட்டியவருக்குக்கூட நினைவிருக்காது. அதே கோடு முந்தானையில் வந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். இரண்டுக்கும் ஒரே 90 வெள்ளி போட்டால், முந்தானைக் குறை உள்ளதை வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார்.

பாத்திரக் கடைக்காரர், பிறை:

இவ்வளவு எதற்கு? எவர்சில்வரில் நெளிசல் விழுந்த தூக்கு, குக்கர் எல்லாவற்றுக்கும் நான் ஒரே சொல்தான் போடுகிறேன், "சொட்டைப் பொருள்". கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதிவிட்டால் பிறகு யாரும் கேட்க முடியாது. சேலைக்கும் அதையே போடுங்கள்.

பயனீட்டாளர் சேவைத் தொண்டர், ஜார்ஜ்டவுன்:

அண்ணன் சொன்னதில் பாதி சரி. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, 32-ஆம் பிரிவின்படி, வாங்குவதற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டிய குறையை வைத்து மட்டும் பொருள் தரமற்றது என்று சொல்ல முடியாது. கடையில் பார்வைக்கு வைத்த பொருளானால், பொருளோடு வைத்த எழுத்து அறிவிப்பில் அந்தக் குறை இருக்க வேண்டும். "சொட்டை" என்ற பொதுச்சொல் குறையைச் சுட்டிக்காட்டியதாகாது. "வலப்பக்கக் கைப்பிடிக்குக் கீழே நெளிசல்" என்றால்தான் ஆகும். நெளிசலைச் சொல்லி விற்ற தூக்கில் பிடி கழன்று வந்தால், அது சொல்லாத குறை. திரும்பப் பெறப்படாது என்ற வரி அங்கே காப்பாற்றாது. குக்கரில் விளிம்பு நெளிந்திருந்தால் மூடி சரியாகப் பொருந்தாது, ஆவி கசியும். அதை எந்தப் பெயரிலும் விற்கக் கூடாது.

ஆசிரியர் ஐயா வருந்தக் கூடாது. வழுவமைதி அழகான சொல், ஆனால் 90 வெள்ளிச் சீட்டைப் படிக்க இலக்கணம் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தமிழாசிரியர், செந்தூல்:

புரியாது புரியாது என்றே ஒவ்வொரு சொல்லையும் கைவிட்டு வந்தோம். கடைசியில் ரிஜெக்ட்தான் மிஞ்சியது. புதுச்சொல் முதல் நாள் புரியாது. நூறு சீட்டில் பார்த்தால் புரியும்.

துணிக்கடை மேற்பார்வையாளர்:

ஐயா, நூறு சீட்டு ஒட்டும் அளவுக்குக் குறைச்சேலை வந்தால் கடை நிற்காது. என் கருத்து இது: "சரக்கு" என்ற சொல்லை மட்டும் தவிருங்கள். "குறைச் சரக்கு" என்றால் வந்த மூட்டை முழுவதையும் குறிக்கும். "சேலை" என்றால் கையில் இருக்கும் அந்த ஒன்று மட்டும். 31 சேலைகளைப் பற்றிய சந்தேகம் பாதி அங்கேயே தீரும். குறையில்லாத அதே சேலையை 120 வெள்ளிச் சீட்டோடு பக்கத்தில் தொங்கவிட்டால் மீதியும் தீரும்.

மொழிபெயர்ப்பாளர்:

"சிறுபழுது" என்று போடலாமா என்று யோசித்தேன். ஆனால் இங்கே பழுது என்றால் மின்தூக்கி ஓடவில்லை என்றுதான் நினைப்பார்கள். "சிறுகுறைச் சேலை" என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்து பேர் தனிமடலில் ஒப்பினார்கள். சீட்டு இப்படி:

சிறுகுறைச் சேலை
புதியது
குறை: குறுக்கே ஒரு மெல்லிய கோடு
இடம்: உள்முனையிலிருந்து 60 செ.மீ.
சாயம் சோதிக்கப்பட்டது
120 வெள்ளி, இப்போது 90 வெள்ளி

குறையும் இடமும் கையால் எழுத வெற்றிடமாக அச்சாகும். முந்தானையில் குறை உள்ள 2 சேலைகளை 70 வெள்ளிக்கு விடக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

குழும உறுப்பினர், பாயான் லெப்பாஸ்:

குறைச் சேலை என்றால் முழம் குறைந்த சேலை என்று எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். நீளத்தையும் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

சரிதான் ஐயா. "முழு நீளம் 5.5 மீட்டர்" என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

தமிழாசிரியர், செந்தூல்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். "குறை" நிலைத்த சொல்லாக வேண்டாம், அடுத்த சீட்டுக்காவது "மறு" மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். மறு, மரு பற்றிய மடல் நாளை வரும்.