புதுப்பிப்பு: பக்கத்து மூன்று டெய்லர் கடைகளைப் பார்த்த பிறகு

அப்போது நான் இங்கே கேட்டது: “பக்கத்துல மூணு டெய்லர் கடை இருக்கு. லைனிங் பிளவுஸுக்கு எவ்வளவு குறைச்சா எங்கிட்ட வருவாங்க?”

விலையைக் குறைக்கவில்லை. வெளியே 350 என்று சொல்லும் கடையில் பைப்பிங், நாட் எல்லாம் தனிக்காசு. கடைசியில் மற்ற இரண்டு கடைகளின் 420-க்கே வந்துவிடுகிறது.

அந்தக் கடைகளுக்கு வந்த இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களை மட்டும் படிக்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. ஒற்றை நட்சத்திரத்தில் வெறும் கோபம், இவற்றில்தான் விவரம். மூன்று கடைக்கும் ஒரே புகார்: முகூர்த்த மாதத்தில் சொன்ன தேதிக்குத் தருவதில்லை, ஆல்டரேஷனுக்கு அலையவிடுகிறார்கள்.

‘எக்ஸ்பிரஸ் டெலிவரி போடுங்க’ என்ற தம்பி சொன்னது பாதி சரி. ஆனால் அதற்கு இன்னொரு கை வேண்டும், என்னிடம் இல்லை. அதனால் ஆல்டரேஷனைப் பிடித்தேன். யார் தைத்ததாக இருந்தாலும் பக்கத் தையல் பிரித்து அடிக்க 60 ரூபாய், மறுநாள் மாலை கையில். உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். இல்லாவிட்டால் லூஸ் பண்ண வழியில்லை.

பேக்கரியில் ‘ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ’ ஓடியதாகச் சொன்ன அண்ணா, அது பன்னுக்குச் சரி. இங்கே இலவசமாகப் போவது என் கூலி. அந்த மூன்று கடைக்காரர்களுமே ஆடியில் மட்டும்தான் தள்ளுபடி தருகிறார்கள்.

ஆல்டரேஷனுக்கு வருகிறவர்கள் புதுத் துணியும் கொடுப்பார்களா என்பது ஆவணி முகூர்த்தத்தில்தான் தெரியும்.