சம்பளத்தைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு: எழுதித் திருத்திய அனுபவம்

ராணிப்பேட்டை கணக்காளர்

சிப்காட்டில் ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட்டில் கணக்கும் ஆள் நிர்வாகமும் என் பொறுப்பு. போன டிசம்பரில் பையர் ஒருவர் ஆர்டரைத் தள்ளிப்போட்டார். அடுத்த மூன்று மாதம் பாதி லைன்தான் ஓடும் என்று தெரிந்துவிட்டது. முதலாளி ஒரு தாளை நீட்டி, “இதைக் கொஞ்சம் நல்ல தமிழில் போட்டு ஒட்டிடுப்பா” என்றார். அதில் இருந்தது இதுதான்: “தவிர்க்க இயலாத பொருளாதாரச் சூழலால் ஊதியத்தில் ஒரு பகுதி பின்னர் வழங்கப்படும். நாம் அனைவரும் ஒரே குடும்பம்.”

தமிழ் நன்றாகத்தான் இருந்தது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதுதான் இல்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். 20,000 ரூபாய்க்குக் கீழே வாங்குகிறவர்களுக்கும் பீஸ் ரேட் ஆட்களுக்கும் கை வைப்பதில்லை. மற்றவர்களுக்கு டிசம்பர், ஜனவரி என்று இரண்டு மாதம் மட்டும் 30 சதவீதம் நிற்கும். அதை மூன்று தவணையில் திருப்பித் தருவோம்.

தேதியில்தான் இழுபறி. கண்டெய்னர் ஜனவரி கடைசியில் போகும், பையர் 60 நாளில் பணம் போடுவார், அதனால் “மார்ச் 31” என்றார் முதலாளி. பையர் ஒரு வாரம் தாமதித்தால் நம் வாக்கும் போச்சே என்று ஏப்ரல் 20 ஆக்கினேன். ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முஸ்லிம்கள், ரம்ஜான் அதற்கு முன்பே வந்துவிடும். அதனால் முதல் தவணையை மட்டும் பேங்க் ஓவர்டிராஃப்ட் கணக்கிலிருந்து எடுத்தாவது மார்ச் 10-இல் தருவது என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். கடைசித் தவணை மே 20, பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு.

நோட்டீஸில் கணக்கையே எழுதினோம்: “சம்பளம் 30,000 என்றால் மாதம் 9,000 வீதம் 18,000 நிற்கும். மார்ச் 10, ஏப்ரல் 20, மே 20 ஆகிய தேதிகளில் 6,000 வீதம் வரும். இது வெட்டு இல்லை, கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. முதலாளி இந்த இரண்டு மாதமும் சம்பளம் எடுக்கவில்லை.” குடும்பம் என்ற வரியை எடுத்துவிட்டேன். அதைப் படித்தால் கட்டிங் மாஸ்டர் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

காட்பாடி ஆசிரியை

கொரோனா சமயத்தில் எங்கள் பள்ளியில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். “நிலைமை சீரானதும்” என்றார்கள். அந்த மீதி இன்றுவரை வரவில்லை. அதை எப்படி வாங்குவது என்று யாராவது சொல்லுங்களேன்.

ஆம்பூர் சூப்பர்வைசர்

டீச்சர், அவர் சொல்லிட்டிருக்கிறது வேற. சார், எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிட்டீங்களா? வாங்கிட்டா சட்டப் பிரச்சினையே இல்லை. பிஎஃபும் கொடுத்த தொகைக்கு மட்டும் கட்டினால் போதும்.

சத்துவாச்சாரி ஆலோசகர்

தம்பி, கையெழுத்து வாங்குவது நல்லதுதான். ஆனால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் மாதச் சம்பளம் தரவேண்டும் என்ற விதி அதனால் மறைந்துவிடாது. ஒருவர் புகார் கொடுத்தால் சம்மதக் கடிதம் உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டும், அவ்வளவுதான். 30 வருஷமாக லேபர் ஆபீஸ் படியேறுகிறவன் சொல்கிறேன். பிஎஃப் விஷயத்தில் நீங்கள் சொன்னது தவறு. அது தரவேண்டிய சம்பளத்துக்கு. தள்ளிவைத்த தொகையையும் சேர்த்து 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கணக்காளர் சார், உங்கள் நோட்டீஸில் ஒரு ஓட்டை. நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனால்?

ராணிப்பேட்டை கணக்காளர்

அதைத்தான் கோட்டை விட்டேன். பிப்ரவரியில் தரம் பார்க்கும் பையன் ஒருவன் சென்னைக்குப் போய்விட்டான். “மே வரைக்கும் காத்திருக்கணுமா அண்ணே?” என்று கேட்டான். நோட்டீஸில் பதில் இல்லை.

சத்துவாச்சாரி ஆலோசகர்

காத்திருக்க வேண்டியதில்லை. புதிய ஊதியச் சட்டத்தொகுப்புப்படி வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் பாக்கி எல்லாம் தீர்க்க வேண்டும். “விலகினால் நிலுவை முழுவதும் உடனே தரப்படும்” என்று ஒரு வரி போதும்.

ஆம்பூர் சூப்பர்வைசர்

அப்படிப் போட்டால் எல்லாரும் விலகிப் பணத்தை வாங்கிக்க மாட்டாங்களா?

ராணிப்பேட்டை கணக்காளர்

முதலாளியும் அதையேதான் கேட்டார். இந்தப் பாக்கிக்காக வேலையை விடுகிறவர் ஏற்கெனவே வேறு இடம் பார்த்துவிட்டவர் என்பது என் எண்ணம். முதலாளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனுக்கு நான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன், ஆனால் பத்து நாள் ஆகிவிட்டது.

மார்ச் தவணை சொன்ன நாளில் போனது. ஏப்ரலில் பேங்க் விடுமுறை, பையர் தாமதம் எல்லாம் சேர்ந்து 22-ஆம் தேதிதான் போட முடிந்தது. 17-ஆம் தேதியே லைன் லைனாகப் போய் “இரண்டு நாள் தள்ளும்” என்று சொல்லிவிட்டதால் யாரும் ஆபீஸுக்கு ஏறி வரவில்லை. கட்டிங் மாஸ்டர் மட்டும், “அந்த ரெண்டு நாளுக்கு வட்டி எங்கே?” என்றார்.

காட்பாடி ஆசிரியை

எங்களுக்கு எழுதிக்கூடக் கொடுக்கவில்லை சார். வாய்வார்த்தைதான். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

சத்துவாச்சாரி ஆலோசகர்

அம்மா, அந்த மாதங்களின் பேங்க் பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டு இரண்டும் இருக்கிறதா? எடுத்து வையுங்கள். வருஷம் அதிகமாகிவிட்டது, உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன். பார்த்துவிட்டுப் பேசுவோம்.